வாடிக்கையாளர் தொடர்பாளர் மாற்ற அறிமுகம்

வாடிக்கையாளர் தொடர்பாளர் மாற்ற அறிமுகம் என்பது, ஒரு நிறுவனத்தின் சார்பில் குறிப்பிட்ட வாடிக்கையாளர்களுடன் பேசிவந்த கணக்கு மேலாளர் பணியிலிருந்து விலகும்போது, அவருக்குப் பதிலாக வருபவரை அவ்வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்து, கொள்முதல் ஆணை, விலை, பணம் ஆகியவை பற்றிப் பேசும் உரிமை முந்தையவரிடமிருந்து புதியவருக்கு மாறிவிட்டதை அறிவிக்கும் நடைமுறை ஆகும். இதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, புதியவர் யார் என்று சொல்வது. மற்றொன்று, பழையவர் இனி நிறுவனத்தின் சார்பில் பேசமாட்டார் என்று சொல்வது. நடைமுறையில் முதலாவதைப் பலரும் செய்கின்றனர். இரண்டாவதைக் கூச்சத்தால் விட்டுவிடுகின்றனர். சட்டத்தின் பார்வையில் கூடுதல் கனம் உடையது இரண்டாவதே.

இக்கட்டுரை, விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள மம்சாபுரம் பகுதியையும் அதன் சுற்றுவட்டார மருத்துவத் துணித் தொழிலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நடைமுறையை விளக்குகிறது.

## தொழிற் பின்னணி

இராசபாளையம் வட்டாரம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றது. அதையொட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஆகிய ஊர்களில் விசைத்தறிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யப்படுகின்றன. தறியிலிருந்து வரும் பழுப்புத் துணி வெளுக்கப்பட்டு, வெட்டி மடிக்கப்பட்டு, உள்நாட்டு மருத்துவமனைகளுக்கும் மருந்து மொத்த வணிகர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது.

இத்தொழிலில் வாடிக்கையாளரோடு பேசுபவருக்குப் பெரும்பாலும் கணக்கு மேலாளர் என்ற பெயர் கிடையாது. ஏற்றுமதி நிறுவனங்களில் அவர் மெர்ச்சன்டைசர் எனப்படுவார். சிறிய நிறுவனங்களில் அவரே மேனேஜர். சில இடங்களில் கணக்குப்பிள்ளையாகத் தொடங்கி அந்த இடத்துக்கு வந்திருப்பார். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே. மாதிரி அனுப்புவது, விலை சொல்வது, ஆணை பெறுவது, வெளுப்பாலையை விரட்டுவது, கப்பல் நாளைச் சொல்வது, பணம் வராவிட்டால் கேட்பது ஆகிய அனைத்தும் ஒரே ஆளிடம் குவிந்திருக்கும். பத்து ஆண்டுகள் இவ்வாறு ஓடினால், வாடிக்கையாளரின் மனத்தில் நிறுவனம் என்பது அந்த மனிதரின் குரல்தான். அவர் விலகும்போது ஏற்படும் சிக்கல் இதிலிருந்தே பிறக்கிறது.

## அறிவிக்க வேண்டியதன் சட்ட அடிப்படை

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவாண்மை பற்றிய பகுதி உள்ளது. நிறுவனத்தின் சார்பில் விலை பேசவும் ஆணை பெறவும் உரிமை தரப்பட்ட ஊழியர், அவ்வேலையைப் பொறுத்தமட்டில் நிறுவனத்தின் முகவர் ஆவார். இச்சட்டத்தின் 208 ஆம் பிரிவு, முகவரின் அதிகாரம் முடிவுக்கு வருவது எப்போது செல்லுபடியாகும் என்பதைக் கூறுகிறது. முகவரைப் பொறுத்தவரை அது அவருக்குத் தெரியவரும்போதும், மூன்றாம் தரப்பினரைப் பொறுத்தவரை அது அவர்களுக்குத் தெரியவரும்போதும்தான் செல்லுபடியாகும். அதாவது, நிறுவனம் ஒருவரை இன்று மாலை விடுவித்துவிட்டாலும், அச்செய்தியை அறியாத வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அவருடைய அதிகாரம் நாளையும் நீடிக்கிறது.

இப்பிரிவை விளக்கச் சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, நம் பகுதியினருக்கு வியப்பளிக்கும் வகையில், பருத்தி பற்றியது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தன் பருத்தியை விற்குமாறு முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பின்னர் மற்றொரு கடிதத்தில் அந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற்று, பருத்தியைச் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறார். இரண்டாம் கடிதம் கிடைத்த பிறகும் முகவர் பருத்தியை வேறொருவருக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். வாங்குபவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் பணத்தை முகவரிடம் கொடுக்கிறார். முகவர் பணத்துடன் ஓடிவிடுகிறார். இந்நிலையில், வாங்குபவர் கொடுத்த பணம் உரிமையாளருக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது சட்டம். இழப்பு, அறிவிக்கத் தவறிய சென்னைக்காரருடையது.

பருத்திக்குப் பதில் பேண்டேஜ் துணியையும், கடிதத்துக்குப் பதில் மின்னஞ்சலையும் வைத்துப் பார்த்தால் இன்றைய நிலை புரியும். விலகிய மேலாளர் நேர்மையானவராக இருந்தாலும் இப்பிரிவு பொருந்தும். விலகிய மறுவாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவரது கைப்பேசியில் அழைத்து விலை கேட்க, அவர் பழக்கத்தில் பழைய விலையைச் சொல்லிவிட, வாடிக்கையாளர் அதை நம்பி ஆணை அனுப்பினால், அவ்விலை நம்மைக் கட்டாது என்று நிறுவனம் வாதிடுவது எளிதன்று. 237 ஆம் பிரிவும் இதற்குத் துணைநிற்கிறது. முகவர் அதிகாரம் இன்றிச் செய்த செயலையும், அதிகாரத்துடன் செய்ததாக மூன்றாம் தரப்பினர் நம்பும்படி முதலாளியே தன் சொல்லாலோ நடத்தையாலோ தூண்டியிருந்தால், முதலாளி அதற்குக் கட்டுப்பட்டவர் ஆவார்.

ஆகவே அறிமுகக் கடிதம் மரியாதைக்கு எழுதும் கடிதம் மட்டுமன்று. வாடிக்கையாளருக்கு அது எந்த நாளில் தெரிந்தது என்பதற்கான சான்றும் ஆகும். இக்காரணத்தால், தொலைபேசியில் சொல்லிவிட்டாலும் எழுத்தில் ஒருமுறை அனுப்பி, "பெற்றுக்கொண்டோம்" என்ற மறுமொழியை வாங்கி வைப்பது நன்று.

## செய்தித்தாள் அறிவிப்பு

தமிழ் நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களில், ஒருவரின் ஒளிப்படத்துடன் "இவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இவருடன் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பல்லர்" என்ற அறிவிப்பைப் பலரும் பார்த்திருப்பர். மேற்கூறிய சட்ட விதியின் நாட்டு வழக்கு வடிவமே இது. எல்லா வாடிக்கையாளரின் முகவரியும் நிறுவனத்திடம் இல்லாதபோது, குறிப்பாக ஊர் ஊராகச் சென்று பணம் வசூலித்த விற்பனையாளர் விலகும்போது, இது பயன்படுகிறது.

எனினும் இதற்கு வரம்பு உண்டு. விளம்பரம் வந்தது என்பதாலேயே ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளர் அதைப் படித்தார் என்று ஆகிவிடாது. முகவரி தெரிந்தவருக்குத் தனிக்கடிதமே தகும். மேலும், ஒழுங்காக அறிவிப்புக் கொடுத்து விலகியவரின் படத்தை இவ்வாறு வெளியிட்டால், அவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று ஊரார் பொருள்கொள்வர். அது அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும். நல்ல முறையில் பிரிந்தவருக்கு இவ்வழி தேவையில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

## நடைமுறை வரிசை

விலகல் கடிதம் கொடுத்த நாளுக்கும் கடைசி வேலை நாளுக்கும் இடைப்பட்ட அறிவிப்புக் காலம் வழக்கமாக ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இருக்கும். இக்காலத்தை எவ்வாறு செலவிடுவது என்பதில்தான் அறிமுகத்தின் வெற்றி தங்கியுள்ளது. 60 நாள் அறிவிப்புக் காலம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரத்தில் வெளியே எதுவும் சொல்லாமல், பொறுப்பேற்பவர் யார் என்று முடிவுசெய்ய வேண்டும். "எங்கள் மேலாளர் விலகுகிறார்" என்று சொன்னவுடன் எந்த வாடிக்கையாளரும் கேட்கும் அடுத்த கேள்வி "இனி யார்?" என்பதே. அதற்கு விடை இல்லாமல் செய்தியை மட்டும் சொல்வது, வேறு இடம் தேடுங்கள் என்று சொல்வதற்கு ஒப்பாகும். உரிய ஆள் கிடைக்கவில்லை எனில், நிறுவன உரிமையாளரோ மூத்த மேலாளரோ தம் பெயரையே இடைக்காலத் தொடர்பாகச் சொல்வது மேல். ஓர் இளைஞரை அவசரமாக அறிமுகம் செய்துவிட்டு இரண்டு மாதத்தில் மற்றொருவரை அறிமுகம் செய்வது எல்லாவற்றிலும் கேடானது.

அதேவேளை முதல் வாரத்தைத் தாண்டி மறைத்து வைக்கவும் இயலாது. இராசபாளையம் போன்ற ஊரில் நூல் தரகர், வெளுப்பாலைக்காரர், லாரி புக்கிங் அலுவலகத்தார் என்று அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யார் எந்த நிறுவனத்துக்குப் போகிறார் என்பது, அவர் விலகல் கடிதத்தை அச்செடுக்கும் முன்பே தேநீர்க் கடையில் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் அச்செய்தியைப் போட்டி நிறுவனத்தாரின் வாயால் கேட்டால், பிறகு வரும் முறையான அறிமுகத்துக்கு மதிப்பிருக்காது.

இரண்டாம் வாரத்தில், வருவாயில் பெரும்பங்கு தரும் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களிடமும், ஆணை நடுவில் நிற்கும் வாடிக்கையாளர்களிடமும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சொல்பவர் விலகுபவராக இருக்க வேண்டும். உடன் உரிமையாளரும் இருத்தல் நன்று. உரிமையாளர் மட்டும் தனியே சொன்னால், ஆளை வெளியேற்றிவிட்டார்களோ என்ற ஐயம் எழும். விலகுபவர் மட்டும் தனியே சொன்னால், பேச்சு அவருடைய புதிய நிறுவனத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடும். தொலைபேசிக்குப் பின் அன்றே கடிதம் செல்ல வேண்டும். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அடுத்த சில நாள்களில் கடிதம் அனுப்பலாம்.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை இருவரும் சேர்ந்து நடத்தும் காலம். இதில் முதற்பாதியில் பழையவர் எழுத, புதியவர் நகல் பெறுவார். பிற்பாதியில் இது தலைகீழாக வேண்டும். புதியவர் எழுத, பழையவர் நகலில் மட்டும் இருப்பார். வாடிக்கையாளர் பழையவரிடமே கேட்டாலும் விடை புதியவரிடமிருந்தே செல்லும். இந்தத் தலைகீழ் மாற்றத்தைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. கடைசி நாள் வரை பழையவரே பதில் எழுதி, மறுநாள் திடீரென அமைதியாகிவிடுவார். வாடிக்கையாளருக்கு அப்போது புதியவர் ஒரு பெயர் மட்டுமே. இடையில் ஏதேனும் ஒரு சிறிய சிக்கலைப் புதியவரே தீர்த்துவைக்கும் வாய்ப்பு அமைந்தால், அது பத்து அறிமுகக் கடிதங்களுக்குச் சமம்.

## அறிமுகக் கடிதம்

கடிதம், விலகுபவர் அவ்வாடிக்கையாளருடன் ஏற்கெனவே நடத்திவரும் மின்னஞ்சல் உரையாடலின் தொடர்ச்சியாகச் செல்வது சிறந்தது. புதிய தலைப்பில், புதிய முகவரியிலிருந்து, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரியாகச் செல்லும் கடிதம் விளம்பரமாகக் கருதப்படும். அதைவிட மோசமாக, மோசடியாகக் கருதப்படும். அனைவரின் முகவரியும் ஒருவருக்கொருவர் தெரியும்படி ஒரே கடிதத்தில் அனுப்புவது, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை வாடிக்கையாளர்களுக்கே பகிர்வதாகும். இது உண்மையில் நடக்கும் பிழை.

கடிதத்தில் இருக்க வேண்டியவற்றைக் கீழ்க்காணும் மாதிரி காட்டுகிறது. ஒரு மருந்து மொத்த வணிகருக்கு எழுதப்பட்டதாகக் கொள்க.

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> வருகிற மாதம் 30 ஆம் நாளுடன் நான் இந்நிறுவனப் பணியிலிருந்து விலகுகிறேன். அந்நாள் வரை தங்கள் கணக்கை நானும், இக்கடிதத்தின் நகலில் உள்ள எங்கள் புதிய மேலாளரும் சேர்ந்து கவனிப்போம். அதற்குப் பின் விலை, ஆணை, வரவு பற்றி நிறுவனத்தின் சார்பில் பேசும் பொறுப்பு அவருடையது. எனக்கு அவ்வுரிமை இராது.
>
> தங்கள் தற்போதைய ஆணையில் 40 பெட்டிகள் அனுப்பப்பட்டுவிட்டன. 60 பெட்டிகள் வெளுப்பில் உள்ளன. மீதியை 18 ஆம் நாள் அனுப்புவதாக நான் சொன்னதில் மாற்றமில்லை. இது அவருக்கும் தெரியும்.
>
> எங்கள் வங்கிக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. வங்கிக் கணக்கு மாறியதாக யாரேனும் எழுதினால், தங்களிடம் முன்பே உள்ள அலுவலகத் தொலைபேசி எண்ணில் உரிமையாளரை அழைத்துக் கேட்ட பின்னரே பணம் அனுப்புங்கள்.
>
> புதன்கிழமை காலை இருவரும் தங்களை அழைக்கிறோம்.

விலகுவதற்கான காரணமும், அடுத்துச் சேரும் இடமும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க. புதியவரைப் பற்றிய புகழுரையும் இல்லை. வாடிக்கையாளருக்கு வேண்டியது, நடுவில் நிற்கும் தன் 60 பெட்டிகளைப் பற்றிப் புதியவருக்குத் தெரியுமா என்பதே. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் வேறு புகழ்ச்சி தேவைப்படாது.

## எழுதப்படாத உடன்பாடுகள்: ஓர் எடுத்துக்காட்டு

அறிமுகம் நன்றாக நடந்தும் வாடிக்கையாளரை இழப்பதற்கு முதன்மையான காரணம், முன்னவர் வாயால் ஒப்புக்கொண்டவை பின்னவருக்குத் தெரியாமல் போவதாகும். கீழ்வருவது விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைக்கப்பட்ட நிகழ்வு; ஆயினும் இதன் ஒவ்வொரு பகுதியும் இத்தொழிலில் இயல்பாக நிகழக்கூடியதே.

மம்சாபுரம் அருகே ஒரு நிறுவனம் பதினொரு வாடிக்கையாளர்களுக்குக் காஸ் துணி அனுப்புகிறது. அவர்களுள் ஒருவர் ஐரோப்பிய இறக்குமதியாளர். அவருடைய ஆணைத் தாளில் சதுர சென்டிமீட்டருக்கு 20 இழை, அதாவது பாவு 12, ஊடை 8 என்றும், நிறம் வெள்ளை என்றும் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் தொலைபேசியில், வெளுக்கும்போது ஒளிர்வூட்டி சேர்க்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒளிர்வூட்டி என்பது, துணியைக் கூடுதல் வெண்மையாகக் காட்டும் வேதிப்பொருள். புற ஊதா ஒளியில் அது நீலமாக ஒளிரும். காயத்தில் படும் பருத்தியில் இது இருப்பதை மருந்து நூல்களின் தரச்சோதனை ஏற்பதில்லை. பழைய மேலாளர் ஒவ்வொரு முறையும் வெளுப்பாலைக்குத் தொலைபேசியில் "அந்தப் பார்ட்டி சரக்குக்கு டினோபால் வேண்டாம்" என்று சொல்லிவந்தார். எங்கும் எழுதவில்லை. டினோபால் என்பது ஒரு வணிகப் பெயரெனினும், ஒளிர்வூட்டிகள் அனைத்தையும் அப்பெயரால் அழைப்பது வழக்கம்.

அவர் விலகிய இரண்டாம் மாதம், ஓர் உள்நாட்டு வாடிக்கையாளர் துணி மஞ்சளாக இருக்கிறது என்று குறைகூறினார். புதிய மேலாளர் வெளுப்பாலையிடம் எல்லாச் சரக்கையும் நன்றாக வெளுக்கும்படி சொன்னார். வெளுப்பாலை தனக்குத் தெரிந்த வழியில் வெண்மையாக்கியது. ஐரோப்பியச் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி, சேர்ந்த இடத்தில் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிர்ந்தது. சரக்கு மறுக்கப்பட்டது. ஆணைத் தாளின்படி புதியவர் செய்தது தவறன்று. வாடிக்கையாளரின் கோபமும் தவறன்று; அவர் சொல்லியிருந்தார்.

இதே நிறுவனத்தில் இரண்டாவது சிக்கல் பணத்தில் எழுந்தது. மதுரை மொத்த வணிகர் ஒருவருக்குக் கணக்குப் புத்தகத்தில் 30 நாள் தவணை. பழைய மேலாளர் வாய்மொழியாக 45 நாள் ஒப்புக்கொண்டிருந்தார். புதியவர் 31 ஆம் நாள் கறாராக நினைவூட்டல் அனுப்ப, பதினைந்து ஆண்டு வணிகம் செய்தவருக்கு அது அவமதிப்பாகப் பட்டது. பழையவர் பணியில் இருந்தபோது, தமக்குள்ள உரிமையின் எல்லைக்குள் அளித்த வாக்கு நிறுவனத்தின் வாக்கே என்பதால், சட்டப்படியும் நினைவூட்டலுக்குப் பலம் இல்லை.

இவற்றை முன்கூட்டியே வெளிக்கொணர, "எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள்" என்று விலகுபவரிடம் கேட்பது பயன்தராது. அவர் ஆணைத் தாளில் உள்ளதையே திரும்ப எழுதித் தருவார். பழகிப்போனவை அவர் கண்ணுக்கே தெரியாது. மாறாக, கடந்த ஆண்டு சென்ற சரக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, "தாளில் இல்லாத எதை இதற்குச் செய்தீர்கள்? யாரிடம் தொலைபேசியில் சொன்னீர்கள்?" என்று புதியவர் உடனமர்ந்து கேட்க வேண்டும். வெளுப்பாலைக்காரரையும் பெட்டி கட்டுபவரையும் கேட்டால் இன்னும் தெரியவரும். அனுப்பிய மின்னஞ்சல்களில் `as discussed`, `as usual`, `as agreed` என்ற சொற்றொடர்களைத் தேடுவது மற்றொரு வழி. இத்தொடர் வரும் ஒவ்வொரு கடிதத்துக்குப் பின்னும் எழுதப்படாத ஒரு பேச்சு இருக்கிறது. பின்னர் புதியவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், "எங்கள் குறிப்பின்படி தங்களுக்கான நிபந்தனைகள் இவை, விடுபட்டவை இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம். வாடிக்கையாளர் சேர்க்கும் வரிகள்தாம் அறிமுகத்தின் மெய்யான விளைச்சல். சில வாடிக்கையாளர் இல்லாத சலுகைகளையும் இதில் சேர்க்கப் பார்ப்பர் என்பதால், பழையவர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

## மோசடிக்கான வாய்ப்பு

தொடர்பாளர் மாறும் காலம், வணிக மின்னஞ்சல் மோசடிக்கு ஏற்ற காலமாகும். மோசடியாளர் எழுதும் கடிதத்தின் சாரம் இதுவே: "முன்பிருந்தவர் விலகிவிட்டார், இனி நான் பேசுவேன், வங்கிக் கணக்கு மாறியுள்ளது." முறையான அறிமுகக் கடிதமும் இதன் முதல் இரண்டு பகுதிகளைக் கொண்டிருப்பதால், வாடிக்கையாளரின் மனம் மூன்றாவதையும் ஏற்க ஆயத்தமாகிவிடுகிறது. மோசடியாளர் ஏற்கெனவே ஒரு பக்கத்தின் அஞ்சல் பெட்டியில் நுழைந்து உரையாடலைப் படித்துக்கொண்டிருந்தால், சரியான ஆணை எண்ணையும் தொகையையும் குறிப்பிடுவார். முகவரியில் `m` இருக்குமிடத்தில் `rn` என்று இரண்டு எழுத்தை வைத்து ஒரு போலிக் களப்பெயரைப் பதிந்திருப்பார். சிறிய எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்.

இதனால்தான் மேற்கண்ட மாதிரிக் கடிதத்தில் வங்கிக் கணக்கு மாறவில்லை என்ற வரி இடம்பெற்றது. தொடர்பாளர் மாற்றத்தையும் வங்கிக் கணக்கு மாற்றத்தையும் ஒரே காலத்தில் செய்யவே கூடாது. உண்மையாகவே வங்கி மாற வேண்டியிருந்தால், புதியவர் பழகும் வரை சில மாதங்கள் தள்ளிவைக்கலாம். சரிபார்க்கும் அழைப்பு, புதிய கடிதத்தில் உள்ள எண்ணுக்குச் செல்லாமல் பழைய விலைப்பட்டியலில் அச்சிட்ட எண்ணுக்கே செல்ல வேண்டும்.

உள்நாட்டுப் பணப்பரிமாற்றத்தில் முன்பு கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே பணம் வரவு வைக்கப்பட்டது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழிகளில் பணம் அனுப்புமுன் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1 ஆம் நாளுக்குள் தருமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. பணம் அனுப்புபவர் அப்பெயரைப் படித்தால் மட்டுமே இதனால் பயன். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இவ்வசதியை நம்பியிருக்க முடியாது. மோசடி நடந்தது தெரிந்தால் உடனே அனுப்பிய வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துவிடுமுன் நிறுத்துவதற்கு மணிநேரங்களே உள்ளன.

## அஞ்சல் பெட்டியும் கைப்பேசி எண்ணும்

விலகியவரின் மின்னஞ்சல் முகவரியைக் கடைசி நாளில் அழித்துவிடுவது பரவலான பிழை. அவ்வாறு செய்தால் வாடிக்கையாளரின் கடிதம் திரும்பிவரும். அவர் நிறுவனமே மூடிவிட்டதோ என்று எண்ணுவார். கடவுச்சொல்லை மாற்றி, வரும் கடிதங்களைப் புதியவருக்குத் திருப்பிவிட்டு, தன்விடையாக "இவர் விலகிவிட்டார், இனி இந்த முகவரிக்கு எழுதுக" என்று செல்லும்படி அமைப்பதே முறை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஆணை தரும் வாடிக்கையாளரும் உள்ளதால், இது குறைந்தது ஓராண்டேனும் இருக்க வேண்டும். புதியவர் ஒருபோதும் பழையவரின் முகவரியிலிருந்து, பழையவரின் பெயரில் பதில் எழுதக் கூடாது. அது பழையவரின் அதிகாரம் நீடிப்பதாக நிறுவனமே காட்டிக்கொள்வதாகும். முன்னர் கூறிய 237 ஆம் பிரிவை நினைவில் கொள்க.

இன்று இதைவிடக் கடினமானது வாட்ஸப். சிறு நிறுவனங்களில் வணிகப் பேச்சில் பெரும்பகுதி மேலாளரின் சொந்த எண்ணில் நடக்கிறது. அந்த எண் அவருடையது. விலகும்போது அதைக் கேட்டுப் பெற இயலாது. தொடக்கத்திலேயே நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம் அட்டையைக் கொடுத்திருந்தால் எண் நிறுவனத்திடம் தங்கும். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே எண்ணை வேறு கைப்பேசியில் பதிந்தால் குழுக்கள் தொடரும்; பழைய உரையாடல்கள், காப்புநகலிலிருந்து மீட்டால் ஒழிய வாரா. வாடிக்கையாளருக்கோ அதே எண், அதே உரையாடல் சாளரம். ஆள் மாறியது அவருக்குத் தெரியாது. எனவே படத்தையும் பெயரையும் மாற்றி, முதல் செய்தியாகப் புதியவர் தம்மை அறிவிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பதிவேடுகளையும் மறத்தலாகாது. அமெரிக்காவுக்குக் காஸ் துணி அனுப்பும் நிறுவனம் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் மருத்துவக் கருவி உற்பத்தியாளராகப் பதிந்து, ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையுள்ள காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அப்பதிவில் அலுவல்முறைத் தொடர்பாளர் என்று ஒருவரின் பெயர் இருக்கும். அது விலகியவரின் பெயராகவும், அவரது முகவரி அழிக்கப்பட்டதாகவும் இருந்தால், புதுப்பிக்காமல் விட்டது சரக்கு அங்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

## விலகியவர் மீதான கட்டுப்பாட்டின் எல்லை

விலகியவர் பழைய வாடிக்கையாளருடன் வணிகம் செய்யக் கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, ஒருவரின் தொழிலையோ வணிகத்தையோ தடுக்கும் உடன்பாடு அத்தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது. வணிகத்தின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் நீளும் தடை செல்லாது என்ற நிலைப்பாட்டை, கிரிக்கெட் வீரர் சாகீர் கான் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 இல் மீண்டும் உறுதிசெய்தது. அதே ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, செல்வ மேலாண்மைப் பிரிவிலிருந்து விலகிய தன் மேலாளர் வாடிக்கையாளர் விவரங்களைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கோரித் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. கோரிய இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஒருமுறை வாடிக்கையாளரானவர் என்றும் அவ்வங்கிக்கே உரியவர் என்று கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் போக்கு. ஆவணங்களையும் தரவுக் கோப்புகளையும் நகலெடுத்துச் செல்வது வேறு. அதற்கு எதிராக நீதிமன்றங்கள் தடை வழங்கியதுண்டு. தலையில் இருக்கும் பெயர்களையும் பழக்கத்தையும் தடுப்பது கடினம்.

## தோல்வியின் அறிகுறிகள்

அறிமுகம் பிடிக்காமல் போனதை வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்வது அரிது. சில மாற்றங்களால் அதை உணரலாம். வழக்கமாகத் தொலைபேசியில் பேசியவர் கடிதத்தில் மட்டும் எழுதத் தொடங்குவது முதல் அறிகுறி. புதியவரைத் தாண்டி உரிமையாளரையே அழைப்பது அடுத்தது. அவ்வேளையில் உரிமையாளர் தாமே விலை சொல்லிவிட்டால் புதியவரின் நிலை அத்துடன் முடிந்தது. "அவரிடமே சொல்லியிருக்கிறேன், இன்றே அழைப்பார்" என்று திருப்பிவிட வேண்டும். நெடுநாளாக ஒரே துணியை வாங்கிவந்தவர் திடீரென மாதிரியும் விலைப்பட்டியலும் கேட்பது மூன்றாவது. அவர் அதே மாதிரியை மற்றோர் இடத்திலும் கேட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். ஆணையின் அளவு பாதியாகக் குறைந்து, எண்ணிக்கை மாறாமல் இருப்பின், மீதிப் பாதி வேறு தறியில் ஓடுகிறது. இந்த நிலையில் மற்றுமொரு கடிதம் எழுதுவதால் பயனில்லை; உரிமையாளரும் புதியவரும் நேரில் சென்று, விலகியவர் அளித்திருந்த எந்த வாக்கு நிறைவேறாமல் நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.